பெய்யும், பெய்யப் போகிறது: பிரெஞ்சின் இரண்டு எதிர்காலங்கள்

ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறப்பதைப் பற்றிப் பிரெஞ்சில் இரண்டு விதமாகப் பேசலாம். 'எல் வா அவுவார் அன் ஆன்ஃபான்' என்று சொன்னால் அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். 'எல் ஓரா அன் ஆன்ஃபான்' என்று சொன்னால் அப்படி எந்தச் செய்தியும் கிடைக்காது. என்றாவது ஒருநாள் அவளுக்குக் குழந்தை பிறக்கும் என்று சொல்பவர் நம்புகிறார், அவ்வளவுதான். ஒரு ஜோசியர் சொல்லக்கூடிய வாக்கியம் அது. முதல் வாக்கியத்தை ஜோசியர் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடலாம்.

தமிழ் பேசுபவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது' என்பதற்கும் 'அவளுக்குக் குழந்தை பிறக்கும்' என்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் அது. பிரெஞ்சில் 'அலே' என்றால் போவது. அதன் நிகழ்கால வடிவத்தோடு (ழ வே, த்யூ வா, இல் வா) இன்னொரு வினைச்சொல்லின் மூல வடிவத்தைச் சேர்த்தால் 'செய்யப் போகிறேன்' கிடைத்துவிடுகிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை. ஆனாலும் இருவரும் ஒரே வினைச்சொல்லை எடுத்து ஒரே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். (பிரெஞ்சு ஒலிகள் தமிழ் எழுத்தில் முழுதாக அடங்காது. இங்கே தருபவை காதுக்கு ஓரளவு நெருங்கிய உருவங்கள் மட்டுமே.)

பாடப்புத்தகங்கள்தான் இதைக் குழப்புகின்றன. 'அலே' சேர்ந்த வடிவத்துக்கு 'அண்மை எதிர்காலம்' என்று பெயர் வைத்து, சீக்கிரம் நடப்பதற்கு இது, தள்ளி நடப்பதற்கு மற்றது என்று விதி எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்கள் இந்த விதியை மனப்பாடம் செய்திருப்பார்கள். விதி பாதிதான் சரி. 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் தயங்காமல் தனி எதிர்காலத்தைப் பயன்படுத்தி 'ழ ஸெரே லா தான் ஸேன்க் மினூத்' என்பார். ஐந்து நிமிடத்தைவிட அண்மை வேறென்ன இருக்கிறது? அதே நபர், நூறு ஆண்டில் கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசும்போது 'வா' போட்டுப் பேசுவார்.

எனவே கடிகாரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. நடக்கப்போகும் காரியத்தின் வேர் இப்போதே கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வானம் கறுத்திருக்கிறது, காற்று மாறிவிட்டது: 'இல் வா ப்ளெவுவார்', மழை பெய்யப் போகிறது. வானொலியில் நாளைய வானிலையை வாசிப்பவருக்கு முன்னால் மேகம் எதுவும் இல்லை, ஒரு முன்கணிப்புதான் இருக்கிறது. அவர் 'இல் ப்ளெவ்ரா' என்பார், மழை பெய்யும். ரயில் நிலையத்தில் வண்டி கண்ணுக்கெட்டும் தூரத்தில் வரும்போது, அது நடைமேடைக்குள் 'நுழையப் போகிறது' என்று அறிவிப்பார்கள். எந்த நடைமேடையிலிருந்து எப்போது புறப்படும் என்ற கால அட்டவணைச் செய்திக்கு 'பார்த்திரா', புறப்படும்.

வாக்குறுதி, சட்டம், ஒப்பந்தம், கட்டளை ஆகிய எல்லாம் தனி எதிர்காலத்தின் இடங்கள். இன்னொரு இடம் தமிழருக்குப் புதிதாக இருக்கும். நெப்போலியனின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பிரெஞ்சு ஆசிரியர், 1815-இல் வாட்டர்லூவில் அவர் தோற்றதைச் சொல்லிவிட்டு, ஆறு ஆண்டு கழித்து செயின்ட் ஹெலினா தீவில் அவர் 'இறப்பார்' என்று எதிர்காலத்தில் எழுதுவார். நடந்து இருநூறு ஆண்டு ஆகிவிட்டது. கதை நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது எதிர்காலம்தானே என்பது அவர்கள் கணக்கு. தமிழில் நாம் 'இறந்தார்' என்றுதான் எழுதுவோம்.

இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. 'நீ வந்தால் நான் செய்வேன்' என்பதில் 'வந்தால்' எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. பிரெஞ்சில் அந்த இடத்தில் ஒரு காலம் போட்டாக வேண்டும், அது நிகழ்காலம். 'ஆல்' என்ற பொருள் தரும் 'ஸி'-க்குப் பின்னால் எதிர்காலத்தை வைத்தால் பிழை. 'எப்போது' என்ற 'கான்' வந்தாலோ எதிர்காலம்தான் வரும்: நீ வரும்போது என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'நீ வருவாய் அப்போது' என்பது போலச் சொல்கிறார். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் புதிதாகக் கற்பவர் எழுதும் கட்டுரையில் அடிக்கடி சிவப்பு மை படும் இடம்.

இனி வடிவத்துக்கு வருவோம். தனி எதிர்காலத்தைக் கட்டுவது எளிது. வினைச்சொல்லின் மூல வடிவத்தை எடுத்து, கடைசியில் 'ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன்' என்ற ஒட்டுகளைச் சேர்க்க வேண்டும். பேசுவது 'பார்லே', பேசுவேன் 'பார்லரே', பேசுவாய் 'பார்லரா'. ஒட்டுக்கு முன்னால் 'ர' ஒலி எல்லா வினைச்சொல்லிலும் வரும், விதிவிலக்கே கிடையாது. காதில் அந்த 'ர' விழுந்தால் எதிர்காலமோ அதன் நெருங்கிய உறவான நிபந்தனை வடிவமோ வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த ஒட்டுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். 'உடைமை' என்ற பொருள் தரும் 'அவுவார்' வினையின் நிகழ்காலம்: ழே, த்யூ ஆ, இல் ஆ, நூ ஸாவோன், வூ ஸாவே, இல் ஸோன். அதே ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். இது தற்செயல் இல்லை. பழைய லத்தீனில் எதிர்காலத்துக்கு வேறு வடிவம் இருந்தது. 'அமாபித்', அவன் நேசிப்பான். 'அமாவித்', அவன் நேசித்தான். பேச்சு லத்தீனில் நடுவிலிருந்த 'ப' தேய்ந்து 'வ' ஆனதும் இரண்டும் ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தன. எதிர்காலமும் இறந்தகாலமும் ஒரே ஒலியில் வரும் மொழியில் கடன் கூடக் கேட்க முடியாது. மக்கள் சுற்றி வளைத்துப் பேசத் தொடங்கினார்கள்: 'பாட எனக்கு இருக்கிறது', 'கந்தாரே ஹாபெயோ'. நாளடைவில் இரண்டு சொற்களும் ஒட்டி, தேய்ந்து, 'ஷாந்தரே' ஆயின. பாடுவேன்.

ஒட்டிய வடிவம் எழுத்தில் முதலில் தென்படும் இடங்களில் ஒன்று, ஃப்ரெதெகார் என்பவர் பெயரால் அறியப்படும் 7-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல். அதில் ஒரு கதை. பேரரசர் ஜஸ்டினியன், சிறைப்பட்ட பாரசீக அரசனிடம் பிடித்த நாடுகளைத் திருப்பிக் கேட்கிறார். அரசன் பழைய லத்தீன் வடிவத்தில் தரமாட்டேன் என்கிறான். பேரரசர் புது வடிவத்தில் 'தாராஸ்' என்கிறார்: தருவாய். அந்த இடத்தில்தான் தாரா என்ற ஊர் எழுந்தது என்று நூல் கதை கட்டுகிறது. உண்மையில் அந்தக் கோட்டை நகரம் ஜஸ்டினியனுக்கு முன்பே எழும்பிவிட்டது. ஊர்ப்பெயருக்குக் கதை சொல்லும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கதை சொன்னவர் வாயில் அந்த வடிவம் இயல்பாக வந்துவிட்டது என்பதே நமக்குக் கிடைக்கும் செய்தி. 842-இல் சார்லமேனின் பேரன்மார் எடுத்த ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழி, பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமாகக் கருதப்படுவது. அதிலும் 'சல்வராய்', காப்பாற்றுவேன், என்று இதே வடிவம் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால், ஒழுங்கற்றவை என்று பட்டியல் போட்டுத் தரப்படும் அடிச்சொற்கள் அவ்வளவு ஒழுங்கற்றவை அல்ல என்று புரியும். அதிகம் பேசப்படும் சொற்கள் அதிகம் தேய்ந்திருக்கின்றன, அவ்வளவே. மூல வடிவத்தில் கடைசி 'ர'-வுக்கு முன்னால் இருந்த உயிரொலி விழுந்துவிடும்போது இரண்டு மெய்கள் மோதுகின்றன. மோதும்போது என்ன ஆகும்? 'கன்று' என்று சொல்லிப் பாருங்கள். 'ன்'-இலிருந்து 'று'-வுக்குப் போகும் நாக்கு நடுவே ஒரு 'ட்' ஒலியைப் பிறப்பித்துவிடுகிறது. தமிழில் அந்த ஒலியின் வரலாறு வேறு. நாக்கு செய்யும் வேலை மட்டும் ஒன்றுதான். வருவது 'வெனீர்'. நடு உயிர் போனதும் 'வென்ர' ஆகி, இடையில் 'பந்து' என்பதில் வரும் த-ஒலி புகுந்து 'வெந்த்ரா' ஆயிற்று. விற்பது என்ற சொல்லின் எதிர்காலமும் அதுவேதான். பிறகு நிகழ்கால வடிவமான 'வியேன்' செல்வாக்கில் 'வியேந்த்ரா' ஆனதால் வருபவனும் விற்பவனும் பிரிந்தார்கள். பிடிப்பது என்ற 'தெனீர்' அதே வழியில் 'தியேந்த்ரா'.

'ல'-வுக்கும் 'ர'-வுக்கும் நடுவிலும் இதே த-ஒலி புகும். விரும்புவது 'வூலுவார்', விரும்புவான் 'வூத்ரா'. வேண்டியிருப்பது 'ஃபலுவார்', வேண்டியிருக்கும் 'ஃபோத்ரா'. புகுந்த ஒலி நின்றது, பழைய 'ல' உயிராகக் கரைந்துபோயிற்று. அறிவது 'ஸவுவார்', அறிவான் 'ஸோரா'. உடைமை 'அவுவார்', 'ஓரா'. இவற்றில் 'வ்' கரைந்தது. காண்பது 'வுவார்', காண்பான் 'வெரா'. இதன் லத்தீன் மூலத்தில் இருந்த த-ஒலி 'ர'-வோடு கலந்ததால்தான் எழுத்தில் இரட்டை 'ர' வருகிறது. முடிவது என்ற 'பூவுவார்', 'பூரா' ஆனதும் அப்படியே. அனுப்புவது மட்டும் ஓர் ஓரக் கதை. அதற்கு ஒழுங்கான எதிர்காலம் ஒன்று முன்பு இருந்தது. காண்பதைப் பார்த்து அதுவும் 'ஆன்வெரா' என்று சாய்ந்துகொண்டது.

மிச்சம் 'அலே' தான். போவான் 'இரா'. வா, அலே, இரா: மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஒலி ஒற்றுமை இல்லை. ஒரே வினைக்குள் வெவ்வேறு சொற்கள் குடிபுகுந்திருப்பதே காரணம். 'இரா' லத்தீனின் போவது என்ற பழைய 'ஈரே'யின் எச்சம், 'வா' இன்னொரு லத்தீன் வினையான 'வாதெரே'யிலிருந்து வந்தது. இந்த 'இரா' எதிர்காலத் துணையாக வேலை செய்யாது என்பதைக் கவனிக்க வேண்டும். 'ழ வே அஷ்தே து பேன்' என்றால் ரொட்டி வாங்கப் போகிறேன். கடைக்குக் கிளம்பிவிட்டீர்களா, வாங்கும் எண்ணம் மட்டுமா என்ற ஐயம் தமிழில் இருப்பதுபோல் அங்கும் இருக்கிறது. 'ழிரே அஷ்தே' என்று மாற்றினால் ஐயம் போய்விடும். கால் நடந்து கடைக்குப் போகிறது என்ற பொருள் மட்டுமே மிஞ்சும்.

தனி எதிர்காலம் பேச்சில் அழிந்துகொண்டிருக்கிறதா என்று மொழியியலாளர் பலகாலமாக விவாதிக்கிறார்கள். கனடாவின் பிரெஞ்சை ஆராய்ந்த ஷானா பாப்லாக், டேனியல் டர்பின் இருவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை அன்றாடப் பேச்சில் 'வா' வடிவமே மேலோங்கியிருப்பதைக் காட்டியது. எதிர்மறையில் மட்டும் கதை தலைகீழ். செய்யமாட்டேன் என்று சொல்லும்போது அங்கே தனி எதிர்காலம்தான் வருகிறது. கியூபெக்கில் நண்பர்கள் பேசும்போது 'செய்யப் போகிறேன்' என்பதை 'மா ஃபேர்' என்று சொல்வதுண்டு. 'நான்' என்ற சொல்லும் 'போகிறேன்' என்ற சொல்லும் தேய்ந்து ஒரே அசையாகிவிட்டன. அது இன்னும் தன்மை ஒருமையைத் தாண்டவில்லை, பள்ளியில் எழுதினால் மதிப்பெண்ணும் போகும்.