தட்டிய எழுத்து திரும்பி வரும் பாதை

தேனிப் பக்கத்து ஊரிலிருந்து என் அக்கா மகள் சென்னை அலுவலகத்துக்குக் கணக்கு எழுதுகிறாள். அலுவலகக் கணினி சென்னையில் இருக்கிறது. இவள் லேப்டாப்பில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக அதை இயக்குகிறாள். ஒருநாள் போனில் சொன்னாள்: "மாமா, ஸ்பீடு டெஸ்ட்ல 2 எம்பிபிஎஸ் காட்டுது. ஆனா ஒரு எழுத்து அடிச்சா திரையில வர ரெண்டு செகண்ட் ஆகுது. வந்தாலும் மங்கலா இருக்கு."

தாமதம், மங்கல் இரண்டுக்கும் சிக்னல்தான் காரணம் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மையில் இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு.

முதலில் தாமதம். அவள் 'அ' என்று தட்டினால் அந்த எழுத்து உடனே அவள் திரையில் விழுவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் சென்னைக்குப் போகிறது. அங்குள்ள கணினி 'அ'வை வரைகிறது. திரையில் மாறிய அந்தச் சிறு கட்டம் படமாகத் திரும்பி வந்த பிறகுதான் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வோர் எழுத்தும் சென்னைக்குப் போய்த் திரும்புகிறது.

அப்படியானால் தூரம்தான் காரணமா? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். கேபிள் 600 கி.மீ. சுற்றிப் போனாலும் போக 3 மில்லி செகண்ட், வர 3. மொத்தம் 6 மில்லி செகண்ட், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு. போனுக்கும் டவருக்கும் நடுவே காற்றில் கடக்கும் அந்தச் சிறு தூரத்தில்தான், டவர் ஒதுக்கும் முறைக்காகக் காத்திருந்து, பல பத்து மில்லி செகண்ட் செலவாகிறது. அதையும் சேர்த்தாலும் 2 நொடி வராது. மீதி எங்கே போனது?

வரிசையில் நின்றதில்தான். மளிகைக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலோடு நிற்கிறார். தீப்பெட்டி எடுத்துத்தர ஒரு நொடி போதும், ஆனால் அவர் பட்டியல் முடிய வேண்டும். போனிலும் இதுதான் நடந்தது. அதே போன் பின்னணியில் போட்டோக்களை பேக்கப் செய்துகொண்டிருந்தது. வெளியே அனுப்பும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட். போனின் இடைத்தாங்கியில் 250 கிலோபைட் போட்டோத் துண்டுகள் காத்திருந்தால் அது 20 லட்சம் பிட். தீர 2 நொடி ஆகும். நூறு பைட் அளவுகூட ஆகாத 'அ' அதன் பின்னால் நிற்கிறது. வலைப்பின்னல் துறையில் இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். ஸ்பீடு டெஸ்டின் எம்பிபிஎஸ் எண் இதைக் காட்டாமல் போவது ஏனென்றால், எத்தனை மூட்டை கடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு தீப்பெட்டி எவ்வளவு நேரம் நின்றது என்பதை அல்ல.

கண்டுபிடிக்க ஒரு வரி போதும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதைத் தட்டச் சொன்னேன்:

```
ping -t 8.8.8.8
```

`time=` என்ற இடத்தில் 1,800, 2,100 என்று எண்கள் ஓடின. பேக்கப்பை நிறுத்தச் சொன்னேன். சற்று நேரத்தில் எண் 70க்கு இறங்கியது. சிக்னல் கோடுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போனையும் லேப்டாப்பையும் சும்மா விட்ட பிறகும் எண் குறையாமல் இருந்தால்தான் டவரில் கூட்டம் என்றோ சிக்னல் பலவீனம் என்றோ கொள்ள வேண்டும். அப்போது போனை ஜன்னலோரம் வைப்பது பலன் தரும். போட்டோ பேக்கப், கிளவுட் சிங்க், விண்டோஸ் அப்டேட் மூன்றையும் வேலை நேரத்தில் நிறுத்தி வைப்பதே முதல் மருந்து.

இனி மங்கல். 1920×1080 அளவுள்ள திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல்கள். ஒன்றுக்கு 24 பிட் நிறம் என்றால் ஒரே ஒரு முழுத்திரையின் படம் கிட்டத்தட்ட 5 கோடி பிட். நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் அதை அப்படியே அனுப்ப 25 நொடி ஆகும். ஆனாலும் ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்கிறதே, எப்படி? மாறிய இடத்தை மட்டும் அனுப்புகிறது, அதையும் சுருக்கி அனுப்புகிறது. வேகம் போதாதபோது முதலில் கரடுமுரடான வடிவத்தை அனுப்பிவிட்டு, விவரத்தைப் பின்னால் சேர்க்கிறது. ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து கலங்கி, கையை எடுத்ததும் தெளிவது இதனால்தான்.

ஆகவே மங்கலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு 3 நொடி காத்திருங்கள். தெளிந்தால் அது வேகக் குறைவு. தெளியாமல் அப்படியே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். அவள் திரையில் தெளியவே இல்லை.

காரணம் அவள் லேப்டாப்பிலேயே இருந்தது. அதன் திரை 1366×768. அலுவலகக் கணினியோ 1920×1080 படத்தை அனுப்ப, ரிமோட் டெஸ்க்டாப்பின் ஸ்மார்ட் சைஸிங் அதை இந்தச் சிறிய திரைக்குள் அடக்கியது. அங்கே 10 பிக்சல் இருந்த இடத்தில் இங்கே 7தான். 'ட'வின் செங்குத்துக் கோடு ஒரு பிக்சல் அகலம் என்றால், இங்கே முக்கால் பிக்சல் என்று ஒன்று கிடையாது. கறுப்பு பக்கத்துப் பிக்சலுக்கும் கசிந்து சாம்பலாகிறது. எவ்வளவு வேகமான நெட் போட்டாலும் இது தீராது. அளவைக் குறைத்து, பிக்சலுக்குப் பிக்சல் காட்டினால் தீரும். 1280×720 என்றால் பிக்சல் எண்ணிக்கையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் Show Options அழுத்தி, Save As கொடுத்து, அந்த `.rdp` கோப்பை நோட்பேடில் திறந்து இந்த வரிகளை இப்படி மாற்றினோம். இல்லாத வரியைச் சேர்த்தோம்:

```
screen mode id:i:1
desktopwidth:i:1280
desktopheight:i:720
smart sizing:i:0
networkautodetect:i:0
connection type:i:2
disable wallpaper:i:1
disable full window drag:i:1
disable menu anims:i:1
allow font smoothing:i:1
audiomode:i:2
```

முதல் நான்கு வரிகள் மங்கலுக்கு. அடுத்த இரண்டும் இது மெதுவான இணைப்பு என்று நாமே சொல்லிவிடுகின்றன. பின்வரும் மூன்றும் வால்பேப்பரையும், ஜன்னலை இழுக்கும்போது உள்ளடக்கம் கூடவே நகர்வதையும், மெனு அசைவுகளையும் நிறுத்துகின்றன. கடைசி வரி ஒலியை அனுப்பாது. எழுத்து மெருகை மட்டும் நிறுத்தவில்லை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் டேட்டா ஆகும். ஆனால் அது இல்லாவிட்டால் 'ண', 'ன' சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

அலுவலகக் கணினிப் பொறுப்பாளர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. டிசிபி முறையில் ஒரு பேக்கெட் வழியில் தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். மொபைல் இணைப்பில் இது அடிக்கடி நேரும். யூடிபி முறையில் இந்தத் தேக்கம் குறைவு. 2012இல் வந்த ஆர்டிபி 8 முதல் அது கிடைக்கிறது. முழுத்திரையில் மேலே வரும் பட்டையின் சிக்னல் சின்னத்தை அழுத்தினால் யூடிபி இயங்குகிறதா என்று தெரியும். இல்லையென்றால் ஃபயர்வாலில் அதற்கு வழிவிடச் சொல்லுங்கள். ஆனால் விபிஎன் அல்லது கேட்வே வழியாக மட்டும். 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறப்பது திருடனுக்கு வாசல் வைப்பது.

இவ்வளவு செய்தும் அந்த இணைப்பில் வீடியோ சீராக ஓடாது. முழுத்திரையும் நொடிக்கு நொடி மாறும் வேலை எதற்கும் 2 மெகாபிட் போதாது. கணக்கு எழுத, கடிதம் அடிக்கப் போதும். அக்கா மகள் இன்றும் அதே சிம், அதே போனோடுதான் வேலை பார்க்கிறாள். தட்டிய எழுத்து தட்டியவுடன் வருகிறது. அதிக விலை டேட்டா பேக் போடும் முன், ஒருமுறை `ping` போட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.