நெளியும் ஜரிகை

பழைய கல்யாண கேசட்டை ஏஐ கருவியில் கொடுத்துப் பெரிதாக்கினால், நிறுத்திப் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருக்கும். ஓடவிட்டதும் புடவை ஜரிகை நெளியும். பின்னாலிருக்கும் செங்கல் சுவர் துடிக்கும்.

நம் கேசட்டுகளில் நொடிக்கு 25 படங்கள். ரியல்-ஈஎஸ்ஆர்கேன் போன்ற கருவி ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்து, மங்கிய இடத்தை ஊகித்து வரைகிறது. கேசட்டின் இரைச்சல் புள்ளிகள் படத்துக்குப் படம் மாறுவதால், ஊகமும் மாறுகிறது. அதுதான் துடிப்பு.

பேசிக்விஎஸ்ஆர் போன்ற வீடியோ கருவிகள் முன்னும் பின்னும் உள்ள படங்களையும் பார்க்கின்றன. மணப்பெண்ணின் கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, பக்கத்துப் படங்களின் விவரத்தை அதே இடத்தில் பொருத்துகின்றன. ஜரிகை நிலைக்கிறது. ஆனால் வேகமான அசைவிலும், ஒருவர் இன்னொருவரை மறைத்துக் கடக்கும்போதும் கணக்கு பிசகும்.

எனவே முதலில் இரட்டைக் கோடுகளை நீக்கி, இரைச்சலை லேசாகக் குறையுங்கள், பிறகு பெரிதாக்குங்கள். கேமரா அசையாத ஐந்து நொடிகளை முதலில் சோதியுங்கள். நிறுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள்.