ஒரு முடிவுக்கு மூன்று தடயங்கள்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் துப்பறியும் கதைக்குத் தனி மவுசு. கேம் மாஸ்டருக்கு மட்டும் மர்மம் தெரியும். மற்றவர்கள் விசாரித்தும் பகடை உருட்டியும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடயம் கை நழுவினால் கதை அங்கேயே நின்றுவிடுவதுதான் இதில் உள்ள பெரிய தொல்லை.

1981இல் வெளிவந்த 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேராசிரியர் தன் படிப்பறையில் இறந்து கிடக்கிறார். கொலையாளி துறைமுகக் கிடங்கில் ஒளிந்திருக்கிறான். கணப்பின் சாம்பலில் பாதி எரிந்த கிடங்கு ரசீது கிடக்கிறது. கூர்ந்து பார்க்கும் திறன் 50 உள்ளவர், நூறு வரை காட்டும் பகடையில் 50க்குள் உருட்டினால்தான் அது கண்ணில் படும். பாதி வாய்ப்பு. இப்படி ஒற்றைத் தடயத்தில் தொங்கும் படிகள் மூன்று இருந்தால், எட்டு ஆட்டத்தில் ஒன்றுதான் முடிவைத் தொடும்.

அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் இதற்கு ஒரு விதி வகுத்தார்: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள். கணக்கு கதைக்கல்ல, முடிவுக்கு. 'கிடங்குக்குப் போக வேண்டும்' என்பது ஒரு முடிவு. ரசீதோடு, வந்துபோன ஆள் டாக்சிக்காரரிடம் அந்தக் கிடங்கின் பேரைச் சொன்னதை வீட்டு வேலைக்காரி கேட்டிருக்கட்டும். மாதாமாதம் கிடங்கு வாடகை கட்டியது வங்கிக் கணக்கில் இருக்கட்டும். மூன்றுக்கும் பாதி வாய்ப்பே என்றாலும், மூன்றும் தவறுவது எட்டில் ஒரு முறைதான்.

மூன்றையும் ஒரே அறையில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அந்த அறைக்குள் யாரும் நுழையாவிட்டால் மூன்றும் ஒருசேரப் போய்விடும். ஒன்று பொருளாக, ஒன்று ஆள் வாயில், ஒன்று ஆவணத்தில் என்று பிரித்து வையுங்கள். நீங்கள் நினைக்காத வழியில், இறந்தவரின் காலணிச் சேற்றை ஒருவர் சோதிக்கிறாரா? நியாயமான யோசனை என்றால் அதிலும் துறைமுகத்தின் கரித்தூளை ஒட்டிவிடுங்கள்.

ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' முறையில் முக்கியத் தடயத்துக்குப் பகடையே கிடையாது; சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரசீது கையில் இருந்தும் அதன் பொருள் பிடிபடாமல் போகலாம். ஒரே உண்மையை வேறு வேறு கோணத்தில் காட்டும் மூன்று தடயங்கள் அங்கேயும் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் பேசியதையே திரும்பப் பேசினால், கொலையாளியே ஓர் அடியாளை அவர்கள்மேல் ஏவட்டும். அவன் சட்டைப்பையில் கிடங்குச் சாவி இருக்கட்டும். அடுத்த ஆட்டத்தை எழுதும்போது முடிவுகளை முதலில் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று தடயங்கள் நிரம்பும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.