அந்தச் ‘சரி’ எந்தக் கேள்விக்கு?

ஒரு குடும்ப அரட்டைக் குழுவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கல்யாணம். திருச்சியில் இருக்கும் அப்பா மாலை 6.05க்கு, “சமையலுக்கு நம்ம பழைய ஆளையே சொல்லிடவா?” என்று கேட்கிறார். சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும் மகன் அதைப் படிக்கிறான். விருத்தாசலம் தாண்டியதும் சிக்னல் போய்விடுகிறது. அதைக் கவனிக்காமல் 6.10க்கு, “சரிப்பா, முடிச்சிடுங்க” என்று தட்டி அனுப்புகிறான். செய்தி அவன் போனிலேயே தங்கிவிடுகிறது. 6.20க்கு அப்பா அடுத்த கேள்வியைப் போடுகிறார்: “பெரிய மண்டபத்துக்கே அட்வான்ஸ் கொடுத்துடவா?” 6.32க்கு, அரியலூர் நெருங்கும்போது, சிக்னல் திரும்புகிறது. மகனின் பதில் அப்போதுதான் அப்பாவின் போனுக்கு வருகிறது.

இப்போது அந்தச் ‘சரிப்பா’ அப்பாவின் திரையில் எங்கே உட்கார வேண்டும்?

அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. வந்த நேரப்படி அடுக்கினால், அது மண்டபக் கேள்விக்குக் கீழே கடைசியாக நிற்கும். மகன் பார்த்தே இராத கேள்விக்கு அவன் சம்மதம் சொன்னதாகிவிடும். அட்வான்ஸும் போய்விடும். எழுதிய நேரப்படி அடுக்கினால், அது சமையல் கேள்விக்குக் கீழே, தன் சரியான இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். ஆனால் அப்பா 6.20 வரை எல்லாவற்றையும் படித்து முடித்தவர். செய்தி வந்த ஒலி கேட்டுத் திறந்தால், அடியில் புதிதாக எதுவும் இல்லை. மேலே செருகப்பட்டதை அவர் பார்க்காமலே போகலாம். முதல் வழி தப்பான அர்த்தம் தருகிறது. இரண்டாவது வழி செய்தியையே ஒளித்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் கடிதத்தில் எழுதியவர் போட்ட தேதி ஒன்று இருக்கும், தபால் முத்திரைத் தேதி வேறொன்று இருக்கும். அரட்டைச் செய்திக்கும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்கள் உண்டு. அனுப்பியவரின் போன் காட்டிய நேரம் ஒன்று. நடுவில் இருக்கும் சர்வர் அதை வாங்கிக்கொண்ட நேரம் இன்னொன்று. பெறுபவரின் போனுக்கு வந்து சேர்ந்த நேரம் மூன்றாவது. சிக்னல் நன்றாக இருக்கும்போது மூன்றும் ஓரிரு விநாடிக்குள் நடந்து முடிவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. இடையில் தடங்கல் வந்தால்தான், எந்த நேரத்தை வைத்து ஆப் அடுக்குகிறது என்பது வெளியே தெரிகிறது. ஒரே உரையாடல் இரண்டு போன்களில் இரண்டு வரிசையில் தெரிவதும் இதனால்தான். மகனின் திரையில் ‘சரிப்பா’ மண்டபக் கேள்விக்கு மேலே இருக்கும்; அப்பாவின் திரையில் கீழே இருக்கலாம். இருவரும் ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சண்டை போட்டாலும் இருவரிடமும் பொய் இல்லை.

எழுதிய நேரத்தையே நம்பினால் என்ன என்று கேட்கலாம். அந்த நேரம் அனுப்புபவரின் போன் கடிகாரத்தைப் பொறுத்தது. போன் தன் நேரத்தை நெட்வொர்க்கிடம் கேட்டு அவ்வப்போது திருத்திக்கொள்வதால் பொதுவாகப் பெரிய பிழை வராது. யாராவது தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் நேரம் வைத்திருந்தால்தான் வம்பு. அந்தக் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தால், இப்போது அனுப்பிய பதில்கூட கேள்விக்கு மேலே போய் நிற்கும். அதனால் பல சேவைகள் சர்வரின் கடிகாரத்தையே நடுவராக வைத்துக்கொள்கின்றன. ஆனால் சர்வருக்குத் தெரிவது தன்னிடம் எது முதலில் வந்தது என்பது மட்டுமே. ரயிலில் இருபத்திரண்டு நிமிடம் காத்துக்கிடந்த செய்தி அதன் கணக்கில் 6.32க்குப் பிறந்த செய்திதான்.

ஒரே ஆள் அடுத்தடுத்து அனுப்பியவைகூட மாறி வருவது உண்டு. ஒரு புடவையின் படத்தை அனுப்பிவிட்டு, “இது எப்படி இருக்கு?” என்று கீழே எழுதுகிறோம். படம் பெரியது, மெதுவான இணைப்பில் ஏறி முடிய அரை நிமிடம் ஆகலாம். மூன்று சொல் கேள்வி நொடியில் போய்விடும். எதிர்முனையில் இருப்பவர், “எது எப்படி இருக்கு?” என்று கேட்டு முடித்த பிறகு படம் வரும்.

ஒருவர் அனுப்பியதை மட்டும் வரிசைப்படுத்துவது கடினமில்லை. எண் போட்டால் போதும். பழைய எஸ்எம்எஸ்ஸே இதைச் செய்கிறது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம். அதற்கு மேல் போனால் செய்தி 67, 67 குறிகளாக வெட்டப்பட்டு, ‘மூன்றில் ஒன்று’, ‘மூன்றில் இரண்டு’ என்ற குறிப்போடு தனித்தனியாகப் போகும். எந்தத் துண்டு முதலில் வந்தாலும் போன் எண்ணைப் பார்த்து ஒட்டிவிடும். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதும்போதுதான் யார் எந்த எண்ணைப் போடுவது என்ற சிக்கல் வருகிறது.

இதற்கு 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார். கடிகாரத்தை விட்டுவிட்டு, யார் எதைப் பார்த்த பிறகு எழுதினார் என்பதை மட்டும் கணக்கில் எடுப்பது அது. ஒவ்வொருவரும், தாம் இதுவரை பார்த்த மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித் தம் செய்திக்குப் போட வேண்டும். நம் கதையில் சமையல் கேள்விக்கு எண் 1. அதைப் பார்த்த பிறகு எழுதியதால் மகனின் ‘சரிப்பா’வுக்கு எண் 2. மகனின் பதிலைப் பார்க்காமலே எழுதியதால் அப்பாவின் மண்டபக் கேள்விக்கும் எண் 2. இரண்டுக்கும் ஒரே எண் வந்திருப்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாக இருக்க முடியாது. திரையில் ஏதாவது ஒன்றை மேலே போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மேல்கீழுக்குப் பொருள் எதுவும் கிடையாது.

செய்தி நடுவில் முளைப்பதற்கு வாட்ஸ்அப்பில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே செய்திகள் பூட்டிய நிலையில்தான் வருகின்றன. திறக்கும் சாவி போன்களிடம்தான் இருக்கிறது. யாராவது போன் மாற்றி ஆப்பை மறுபடி நிறுவும்போது சாவிகள் பொருந்தாமல் போகலாம். அப்போது, செய்திக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி மட்டும் அந்த இடத்தில் நிற்கும். அனுப்பியவரின் போன் மறுபடி இணையத்துக்கு வந்து, செய்தியைப் புதிதாகப் பூட்டி அனுப்பியதும் அதே இடம் நிரம்பும். அதற்குள் கீழே இருபது செய்தி ஓடியிருந்தால், நடுவில் நிரம்பியது கண்ணில் படாது.

தாமதம் எங்கே நடந்தது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். வாட்ஸ்அப்பில் நம் செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி இருந்தால் அது இன்னும் நம் போனை விட்டே போகவில்லை. ஒரு டிக் வந்தால் சர்வர் வரை போயிற்று. இரண்டு டிக் வந்தால் எதிர்ப்போனுக்குச் சேர்ந்துவிட்டது. நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால், சேர்ந்த நேரமும் படித்த நேரமும் தனித்தனியாகத் தெரியும். மகன் அப்படிப் பார்த்தால் 6.32 என்று வரும். அப்பா ஏன் குழம்பினார் என்பது புரியும்.

குழப்பமே வராமல் இருக்க, கேள்வியை விரலால் இழுத்து, அதை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுவதுதான் வழி. அப்படி எழுதும் பதில், எந்தச் செய்தியைப் பார்த்து எழுதப்பட்டது என்ற குறிப்பைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. லாம்போர்ட்டின் எண் மறைமுகமாகச் சொன்னதை இது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. சமையல் கேள்வியை இழுத்து ‘சரிப்பா’ என்று எழுதியிருந்தால், அது 6.32க்கு எங்கே வந்து விழுந்திருந்தாலும் சமையலுக்கான சம்மதமாகவே இருந்திருக்கும். காசு கைமாறும் விஷயத்தில், மேற்கோள் இல்லாமல் வந்த ‘சரி’யை நம்பி ஜிபேயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.