ஈப் புத்தகத்தின் விலை என்ன?

2011 ஏப்ரலில், அமெரிக்காவின் பெர்க்லியில் உயிரியலாளர் மைக்கேல் ஐசனின் ஆய்வகத்தில் ஒருவருக்கு ஒரு பழைய புத்தகம் தேவைப்பட்டது. பழ ஈயின் கரு எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி பீட்டர் லாரன்ஸ் 1992-இல் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’. அப்போது அச்சில் இல்லை. அமேசானில் தேடியதில் 17 பிரதிகள் விற்பனைக்கு இருந்தன. அவற்றில் 15 பழைய பிரதிகள், விலை 35.54 டாலரிலிருந்து தொடங்கியது. புதிய பிரதிகள் இரண்டு. ஒன்று 17,30,045.91 டாலர், மற்றொன்று 21,98,177.95 டாலர். அஞ்சல் செலவாக 3.99 டாலரும் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் ஐசன் முதலில் நினைத்தார். தினமும் விலையைக் குறித்துவந்தபோது சங்கதி விளங்கியது. இரண்டு விற்பனையாளர்களும் விலை வைக்கும் வேலையைக் கணினி நிரலிடம் விட்டிருந்தார்கள். ஒருவரின் நிரல் எதிராளியின் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையாக வைத்தது. போட்டியாளரைவிடக் கொஞ்சம் மலிவு. மற்றவருடையதோ எதிராளியின் விலையை 1.270589 ஆல் பெருக்கியது. அவரிடம் புத்தகமே இருந்திருக்காது, யாராவது கேட்டால் மலிவு விலைக்காரரிடம் வாங்கித் தரலாம் என்ற கணக்காக இருக்கும் என்பது ஐசனின் ஊகம். ஒவ்வொரு சுற்றிலும் விலை சுமார் 27 சதவீதம் ஏறியது. ஏப்ரல் 18-இல் 2,36,98,655.93 டாலரைத் தொட்டது. மறுநாள் யாரோ விழித்துக்கொள்ள, 106.23 டாலருக்கு இறங்கியது.

ஐசன் முதலில் பார்த்த அந்த 17 விலைகளை வைத்து, ‘இந்தப் புத்தகம் பொதுவாக என்ன விலை?’ என்று ஒருவர் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? பழைய பிரதிகள் பதினைந்தும் மிகக் குறைந்த விலையான 35.54 டாலருக்கே கிடைத்தன என்று வைத்துக்கொண்டாலும், சராசரி 2,31,103 டாலர் வருகிறது. அந்த விலைக்கு அங்கே ஒரு பிரதிகூட இல்லை. அதற்குப் பதிலாக 17 விலைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் ஒன்பதாவதைப் பார்த்தால், அது ஒரு பழைய பிரதியின் விலை. கோடீஸ்வர விலைகள் இரண்டும் வரிசையின் கடைசியில் 16, 17 ஆக நிற்கின்றன. அவை பதினேழு லட்சமோ, இரண்டு கோடியோ, ஒன்பதாவது இடத்தில் இருப்பது மாறாது.

வரிசையின் நடுவில் நிற்கும் இந்த எண்ணைத்தான் பள்ளிப் பாடத்தில் இடைநிலை என்று படித்தோம். சராசரி ஒவ்வொரு எண்ணையும் அதன் அளவோடு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இடைநிலை பார்ப்பது, அது நடுவுக்கு மேலா கீழா என்பதை மட்டுமே.

சராசரியின் இந்தக் குறையைப் பற்றி 1907-லேயே ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் எழுதினார். ஒரு குழு நிதியாக எவ்வளவு ஒதுக்கலாம் என்று ஆளுக்கொரு தொகை சொல்லும்போது, சராசரி எடுத்தால் கிறுக்குத்தனமாகச் சொல்பவருக்கே அதிகச் செல்வாக்கு கிடைத்துவிடும் என்றார். எவ்வளவு கிறுக்கோ, அவ்வளவு செல்வாக்கு. அதே ஆண்டு, பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று மக்கள் சீட்டில் எழுதிய 787 ஊகங்களை அவர் ஆராய்ந்தார். உண்மை எடை 1,198 பவுண்டு. இடைநிலை 1,207. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் சராசரிதான் இன்னும் நெருங்கி வந்தது: 1,197.

இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அங்கே சீட்டுக்கு ஆறு பென்ஸ் கட்ட வேண்டும், சரியாகச் சொன்னால் பரிசு உண்டு. விளையாட்டுக்கு எழுதுபவர்கள் அதிலேயே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். எண்கள் ஒழுங்காக இருக்கும்போது ஒவ்வொன்றின் அளவையும் பயன்படுத்தும் சராசரி நல்ல கருவிதான். இணைய விளம்பரத்தில் விலை எழுதப் பெரும்பாலும் காசு கிடையாது. தப்பாக எழுதினால் தண்டனையும் கிடையாது. சராசரி அங்கேதான் சறுக்குகிறது.

பழைய ஸ்கூட்டர் வாங்க நினைப்பவர் ஒரே மாடலுக்கு, ஏறக்குறைய ஒரே வயதுள்ள வண்டிகளுக்கு 11 விளம்பரங்களைக் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில்: 1, 38,000, 41,000, 42,500, 44,000, 45,000, 46,500, 48,000, 49,000, 52,000, 4,80,000. ‘விலை நேரில் பேசலாம்’ என்பவர் போட்டது அந்த ஒரு ரூபாய். கடைசி எண்ணில் கைதவறி ஒரு சுழி கூடிவிட்டது. சராசரி சுமார் 80,545. ஒழுங்கான விலைகளில் மிக அதிகமான 52,000-ஐயும் அது தாண்டிவிட்டது. இடைநிலை 45,000. சுழியைத் திருத்தி 48,000 ஆக்கினால் சராசரி 41,273-க்கு விழுகிறது. இடைநிலை அதே 45,000. ஒரு ரூபாய் விளம்பரத்தையும் நீக்கினால் பத்து எண்கள் மிஞ்சும். இரட்டைப்படை என்பதால் நடுவில் உள்ள இரண்டின் பாதியை எடுக்க வேண்டும்: 45,750. சராசரி 45,400. கோளாறுகள் போனதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனிக்கலாம். அதனால் இரண்டையும் போட்டுப் பார்ப்பதே ஒரு சோதனை. விரிதாளில் விலைகள் A2 முதல் A12 வரை இருந்தால்:

```
=MEDIAN(A2:A12)
=AVERAGE(A2:A12)
```

இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால், பட்டியலின் இரு முனைகளையும் கண்ணால் பார்க்க வேண்டிய நேரம் அது.

பதினொன்றில் ஐந்து விலைகள் கண்டபடி இருந்தாலும் இடைநிலை மீதி ஆறு ஒழுங்கான விலைகளின் எல்லையைத் தாண்டாது. ஆறு கெட்டுப்போனால் அதுவும் போய்விடும். ஆனால் நடைமுறையில் இடைநிலையை ஏமாற்றுவது பெரும்பாலும் சுழி கூடிய விளம்பரம் அல்ல, திரும்பத் திரும்ப வரும் விளம்பரம். 52,000 ரூபாய் வண்டியை ஒரு தரகர் வெவ்வேறு படங்களோடு இன்னும் மூன்று முறை போட்டால் முதல் பட்டியலின் 45,000 இடைநிலை 47,250-க்கு ஏறிவிடும். ஒரே பதிவு எண், ஒரே கீறல், ஒரே தொலைபேசி எண் என்று பார்த்து நகல்களை முதலில் கழித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், இரண்டு ரகங்கள் ஒரே பட்டியலில் கலந்துவிடுவது. இரண்டு வருட வண்டிகள் ஐந்து 70,000 ரூபாயை ஒட்டியும், எட்டு வருட வண்டிகள் ஐந்து 30,000-ஐ ஒட்டியும் இருந்தால், இடைநிலை 50,000 பக்கம் வந்து நிற்கும். அந்த விலையில் வண்டியே இருக்காது. கூடுதலாக ஒரு பழைய வண்டி சேர்ந்தால் இடைநிலை ஒரேயடியாக 30,000 பக்கம் குதித்துவிடும். இங்கே சராசரியும் உதவாது. வயதுவாரியாகப் பட்டியலைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இடைநிலை எடுப்பதுதான் வழி. ஐசன் பார்த்த 17 பிரதிகளிலும் புதிய புத்தகம்தான் வேண்டும் என்று ஒருவர் நின்றிருந்தால், அவருக்குக் கையில் இருப்பவை இரண்டே விலைகள். இரண்டும் பித்துப்பிடித்தவை. அவற்றின் இடைநிலையும் சராசரியும் ஒரே எண்: 19,64,111.93 டாலர்.