ஒரு சந்தேகத்தின் விலை 35 புள்ளி

1990 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் இரண்டாவது பகுதி ஒரு ஸ்க்ராபிள் ஆட்டத்தோடு தொடங்குகிறது. பையன் பார்ட் கையிலிருக்கும் ஏழு காய்களையும் ஒரே வரிசையில் வைத்து 'க்விஜிபோ' என்றொரு சொல்லைச் செய்துவிட்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறான். அப்பா ஹோமர் விடுவதாயில்லை. அப்படியென்றால் என்னவென்று சொல்லிவிட்டுப் போ என்கிறார். பையன் அசராமல், மோவாய் இல்லாத, வழுக்கை விழுந்த ஒரு வட அமெரிக்கக் குரங்கு என்று அப்பாவின் சாயலிலேயே ஒரு விளக்கம் கொடுக்கிறான். பிறகு நடந்தது துரத்தல்.

போட்டி ஸ்க்ராபிளில் ஹோமரின் கேள்வி செல்லாது. வைத்த சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். பட்டியலில் இருந்தால் சொல் செல்லும், இல்லையென்றால் செல்லாது, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. இந்தியா, இலங்கை உட்பட மற்ற நாடுகள் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் ஏறக்குறைய 2,80,000 சொற்கள் உண்டு, நம் இட்லியும் அதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையில் அடித்த 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்ற பன்மைகளும் அதில் இருக்கின்றன. இலக்கணம் படித்தவர்கள் தைரியமாகச் சவால் விட்டுத் தோற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இல்லாத சொல்லை வேண்டுமென்றே வைப்பது இந்த ஆட்டத்தில் குற்றமல்ல. எதிராளி கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் சொல் பலகையிலேயே தங்கிவிடும், புள்ளியும் கணக்கில் ஏறும். சந்தேகம் வந்தால், வைத்தவர் பையிலிருந்து புதுக் காய் எடுப்பதற்குள் "சேலஞ்ச்" என்று சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "ஹோல்ட்" சொல்லலாம்; ஆனால் அப்போது ஓடுவது யோசிப்பவரின் கடிகாரம். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 25 நிமிடம்தான். சவால் விட்டதும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு இருவரும் ஓரத்தில் இருக்கும் கணினிக்கு நடந்து போய், சொல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தச் சொல் பட்டியலில் இல்லையென்றால், வைத்தவர் காய்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவருடைய முறையும் போய்விடும். இந்த விதி எல்லா இடத்திலும் ஒன்றுதான். சொல் சரியாக இருந்து சவால் விட்டவர் தோற்றால் என்ன ஆகும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. வட அமெரிக்கப் பட்டியலில் ஆடும்போது, தோற்றவர் தன் அடுத்த முறையை இழக்கிறார். இதற்கு 'டபுள் சேலஞ்ச்' என்று பெயர். காலின்ஸ் பட்டியலில் நடக்கும் பல போட்டிகளில் எதிராளியின் கணக்கில் 5 புள்ளி சேரும், முறை போகாது. பிரிட்டனிலோ நெடுங்காலம் அபராதமே இல்லாமல் ஆடினார்கள்.

ஒரு முறையை இழப்பது புள்ளிக் கணக்கில் எவ்வளவு? தேர்ந்த ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 12, 13 முறைகளில் நானூற்றுச் சொச்சம் எடுப்பார். அப்படியானால் ஒரு முறைக்குச் சராசரியாக 35 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க விதியில் தப்பான சவாலுக்குக் கொடுக்கும் விலை இதுதான்.

இப்போது ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். டபுள் சேலஞ்ச் விதி. எதிராளிக்கு முதல் ஆட்டம். அவர் ஏழு காய்களையும் நடு வரிசையில் வைக்கிறார். வந்த சொல் 'ஆன்ட்ஸியர்': ஏ, என், டி, எஸ், ஐ, இ, ஆர். ஏழும் ஒரு புள்ளி எழுத்துகள். நடு நட்சத்திரம் மொத்தத்தை இரட்டிக்கும்; வழியில் இருக்கும் நீலக் கட்டம் ஒன்று ஓர் எழுத்தை மட்டும் இரட்டிக்கும். ஆக 16. ஏழு காயையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50. மொத்தம் 66. இந்தச் சொல்லை நீங்கள் பார்த்ததே இல்லை. சவால் விடலாமா?

மேலோட்டமான கணக்கு எளிது. சொல் போலியாக இருந்தால் லாபம் 66, சரியாக இருந்தால் நஷ்டம் 35. இரண்டும் சேர்ந்து 101. அதில் நஷ்டத்தின் பங்கு 35 சதவீதம். அப்படியானால் போலியாக இருக்க 35 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினாலே சவால் விடலாம். பாதிக்குப் பாதி சந்தேகம்கூடத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. சொல்லை எடுக்க வைத்தாலும், அந்த ஏழு காய்களும் அவர் கையிலேயே இருக்கும். அவையோ ஸ்க்ராபிளில் மிக நல்ல கூட்டணிகளில் ஒன்று. அதே எழுத்துகளில் 'நாஸ்டியர்', 'ரிடெய்ன்ஸ்', 'ரெடினாஸ்' என்று கேள்விக்கே இடமில்லாத சொற்கள் வரும். அடுத்த முறையில் அவர் அவற்றில் ஒன்றை வைத்து மறுபடியும் அறுபதுக்கு மேல் எடுத்துவிடுவார். சாதாரணமாக ஒரு முறையில் கிடைக்கும் 35ஐவிட இது ஏறக்குறைய 30 அதிகம். ஆகவே சவாலில் வென்றால் கிடைக்கும் நிஜமான லாபம் 66 அல்ல, 35 பக்கம்தான். லாபமும் நஷ்டமும் சமமாகிவிட்டால், போலி என்று பாதிக்கு மேல் நம்பினால்தான் சவால் விட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவர் கையில் இரண்டு 'வி', ஒரு 'யு' என்று யாருக்கும் வேண்டாத காய்கள் சேர்ந்துவிட்டன. அவற்றைத் தள்ளிவிட ஏதோ ஒரு சொல்லை 20 புள்ளிக்கு வைக்கிறார். இதை எடுக்க வைத்தால் 20 புள்ளியும் போகும், அந்தக் குப்பையும் அவர் கைக்கே திரும்பும். அது மட்டுமா, அவரிடம் என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் போகக்கூடிய இடங்களைப் பார்த்து அடைக்கலாம். இங்கே நிஜமான லாபம் 20க்கும் மேல். பலகையில் தெரியும் புள்ளியை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள், நல்ல காய்கள் திரும்பும்போது அவசரப்படுகிறார்கள், கெட்ட காய்கள் திரும்பும்போது தயங்குகிறார்கள்.

மறுபடி 'ஆன்ட்ஸியர்'. போலி என்பதற்கு எத்தனை சதவீதம் கொடுப்பது? சொல்லை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் அனுபவசாலி என்றால் 'நாஸ்டியர்' அவர் கண்ணில் படாமல் போயிருக்காது. அதை அதே வரிசையில் வைத்தாலும் அதே 66தான். கையில் நிச்சயமான சொல் இருக்கும்போது, யாராவது போலியை வைத்து 66 புள்ளியைப் பணயம் வைப்பார்களா? அவர் விசித்திரமான சொல்லைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: நீங்கள் சவால் விட வேண்டும் என்பது. விட்டால் உங்கள் முறை பறிபோகும், அவர் ஏழு புதுக் காய்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆடுவார். தூண்டிலில் புழு மாட்டியாகிவிட்டது. 'ஆன்ட்ஸி' என்றால் நிலைகொள்ளாமல் தவிப்பது. 'ஆன்ட்ஸியர்' இரண்டு பட்டியலிலும் இருக்கிறது.

எதிரே இருப்பவர் புதியவர் என்றால் கதை மாறும். 'நாஸ்டியர்' கண்ணில் படாததால்தான் அவர் எதையோ உருட்டி வைத்திருக்கலாம். இப்போது கண்ணில் படாதது அடுத்த முறையிலும் படாமல் போகலாம் என்பதால், காய்கள் திரும்புவது அவருக்கு அவ்வளவு பெரிய ஆதாயமும் அல்ல. அதே சொல், அதே 66. ஆனால் சவாலுக்கான நியாயம் இங்கே கூடுகிறது.

இதே நிலை 5 புள்ளி விதியில் வந்தால் இவ்வளவு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. லாபம் 35, நஷ்டம் 5. எட்டில் ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலே கேட்டுவிடலாம். அதனால்தான் அந்த விதியில் பெரிய போலிகளை வைக்க வல்லுநர்கள் துணிவதில்லை. டபுள் சேலஞ்சிலோ போலிகள் ஆட்டத்தின் ஒரு அங்கம். குறிப்பாகச் சின்னப் போலிகள். 12 புள்ளிச் சொல் ஒன்றைச் சவால் விட, நான்கில் மூன்று பங்கு நிச்சயம் வேண்டும் என்கிறது மேலோட்டமான கணக்கு. அவ்வளவு நிச்சயம் பலருக்கு வருவதில்லை. வாயை மூடிக்கொண்டு தன் ஆட்டத்தை ஆடிவிடுகிறார்கள்.

விட்டுக்கொடுத்த போலி ஒரு பொறியாகவும் மாறலாம். ஹோமர் சும்மா இருந்திருந்தால் 'க்விஜிபோ' கடைசிவரை பலகையில் இருந்திருக்கும். பிறகு அவரே அதன் வாலில் ஓர் 'எஸ்' சேர்த்தால், 'க்விஜிபோஸ்' என்பது புதுச் சொல். அதைச் சவால் விட பார்ட்டுக்கு முழு உரிமை உண்டு. தான் விட்ட புருடாவைத் தானே காட்டிக்கொடுத்து அப்பாவின் முறையை வெட்டலாம். போட்டிகளில் போலியை வைத்துவிட்டு இதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. அதனால், சந்தேகமான சொல்லைத் தாண்டிப் போக முடிவு செய்தவர் அதை நீட்டாமல் விலகிப் போவதுதான் வழக்கம்.

பை காலியான பிறகு கணக்கு தலைகீழாகிறது. நீங்கள் 402, எதிராளி 390. அவர் கடைசி மூன்று காய்களை 14 புள்ளிக்கு வைத்து ஆட்டத்தை முடிக்கிறார். உங்கள் கையில் மிஞ்சிய காய்களின் மதிப்பு 3. அதன் இரட்டிப்பும் அவருக்கே. 410க்கு 402, நீங்கள் தோற்றாயிற்று. அமெரிக்க விதியில் இப்போது சவால் விட்டால் இழக்க என்ன இருக்கிறது? ஒரு முறை. ஆனால் ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இழக்க முறை ஏது? ஆகவே 'கேட்' என்று வைத்தாலொழிய, தெரிந்த சொல் போல இருந்தாலும் கேட்டுவிடுவார்கள். ஐந்து சதவீத வாய்ப்பு வாய்த்தால்கூட, அவர் காய்களைத் திரும்ப எடுக்க வேண்டும், நீங்கள் உங்கள் காய்களை வைத்து முடித்து வென்றுவிடலாம்.

இதே முடிவில் நீங்கள் 402க்குப் பதிலாக 412 எடுத்திருந்தால்? வெற்றி இரண்டு புள்ளியில் உங்களுடையது. ஆனால் போட்டிகளில் வெற்றிகள் சமமானால், எவ்வளவு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம் என்பதை வைத்தும் இடம் தீர்மானிக்கப்படும். அந்த வித்தியாசத்தை இன்னும் கூட்டலாமே என்று, 5 புள்ளி விதியில் ஒருவர் அந்தக் கடைசிச் சொல்லைச் சவால் விடுகிறார். சொல் பட்டியலில் இருக்கிறது. எதிராளியின் கணக்கு 415 ஆகிறது, ஜெயித்த ஆட்டம் மூன்று புள்ளியில் போய்விட்டது.