காலியிடத்தைக் கேட்கும் கடிதம்

கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய முதல் சில வாரங்களில் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வந்து சேரும். வரலாறு கிடைத்தவர் பி.காம் கேட்பார், கணிதத்தில் சேர்ந்தவர் கணினி அறிவியல் கேட்பார், 'பி' பிரிவில் இருப்பவர் 'ஏ' பிரிவுக்குப் போக விரும்புவார். பெரும்பாலான கடிதங்களில் குடும்பச் சூழலும் சிறு வயதுக் கனவும் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அலுவலகத்துக்குத் தேவையான தகவல் மட்டும் இருக்காது. அதனால் உண்மையிலேயே மாற வாய்ப்புள்ள பிள்ளைகூட, "பார்க்கலாம், அப்புறம் வா" என்ற பதிலோடு திரும்பிப் போகிறது. அந்த 'அப்புறம்' வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

கடிதம் எழுதுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேட்பது பிரிவு மாற்றமா, பாடப்பிரிவு மாற்றமா? ஒரே பி.காம் வகுப்பை இடவசதிக்காக ஏ, பி என்று பிரித்திருந்தால் அது துறைக்குள் முடிகிற விஷயம். துறைத்தலைவரே முடிவு செய்யலாம். இரு பிரிவிலும் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா, ஆய்வகம் உள்ள பாடமென்றால் செய்முறை வகுப்புக் குழுவில் இடம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். அங்கிருந்து இங்கே வர விரும்பும் இன்னொருவர் கிடைத்து, இருவரும் ஒரே நாளில் ஒருவரை ஒருவர் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபமாகும். எண்ணிக்கை மாறாததால் துறைக்கும் தயக்கம் இராது.

ஆனால் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரிந்திருந்தால் கதை வேறு. பெயரளவில் அவை இரு பிரிவுகளாகத் தெரிந்தாலும் சேர்க்கையில் தனித்தனிப் படிப்புகள், தனித்தனி இடங்கள். அதற்கான கடிதம் முதல்வருக்குத்தான் போக வேண்டும். தமிழ்வழியை விடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் பணிக்குப் பள்ளி முதல் பட்டம் வரை எல்லாவற்றையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை பட்டப்படிப்பில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்த உரிமை அங்கேயே நின்றுவிடும்.

இனி பாடப்பிரிவு மாற்றம். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைச் சேர்ந்த ஒரு மாணவி. பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் படித்து, மொழிப்பாடங்கள் நீங்கலாக 400-க்கு 338 எடுத்தவர். பி.காம் கேட்டு, கலந்தாய்வில் அந்தப் பிரிவின் இடங்கள் தனக்கு முன்னால் நிரம்பிவிட்டதால் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்திருக்கிறார்.

வகுப்பு தொடங்கியபின் பி.காமில் நாலைந்து பெஞ்சு காலியாக இருப்பதைத் தோழிகள் சொல்கிறார்கள். பெஞ்சு காலியாக இருந்தால் இடம் காலி என்று ஆகிவிடாது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்துப் போனவர், வேறு ஊர்க் கல்லூரியில் சேர்ந்தவர் என்று வகுப்புக்கு வராமலிருப்போர் உண்டு. அவர்கள் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய், சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே நீங்கியதாகக் குறித்த பிறகுதான் அது காலியிடம். அதுவரை அந்த இருக்கைக்கு ஒருவர் சொந்தக்காரராகவே இருக்கிறார்.

அடுத்தது, யார் விட்டுப்போன இடம் என்பது. தமிழகத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் என்றால், 60 பேர் வகுப்பில் 12 இடங்கள். பி.காமிலிருந்து விலகியவர் பொதுப்பிரிவு இடத்தில் சேர்ந்தவரா, பிற்படுத்தப்பட்டோர் இடத்தில் சேர்ந்தவரா, நம் மாணவியின் பிரிவைச் சேர்ந்தவரா என்பதைப் பொறுத்தே அந்த இடத்துக்குப் போட்டியிடுவோர் மாறுவார்கள். அலுவலகத்தில் "எந்தப் பிரிவு? என்ன மார்க்?" என்று முதலில் கேட்பது இதனால்தான்.

மார்க்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ் இலக்கியப் படிப்புக்குத் தமிழ் மார்க்கையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். மற்றப் படிப்புகளுக்கு 400-க்கான மொத்தம்தான் கணக்கு. பி.ஏ. தமிழில் முதல் வரிசையில் இடம் பிடித்தவர் அந்தத் தரவரிசை எண்ணைக் காட்டி பி.காம் கேட்க முடியாது. நம் மாணவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதே இடத்தைக் கேட்டு 341 மார்க் உள்ள ஒருவர் கடிதம் கொடுத்திருந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை.

ஆக, கடிதம் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இடம் இருக்கிறதா, என் பிரிவுக்கு வருமா, எனக்குத் தகுதி உண்டா, கெடுவுக்குள் கேட்கிறேனா. நம் மாணவியின் கடிதம் இப்படி இருக்கலாம்.

அனுப்புநர்: பெயர், முதலாண்டு பி.ஏ. வரலாறு, சேர்க்கை எண்.
பெறுநர்: முதல்வர் அவர்கள், கல்லூரியின் பெயர், ஊர்.
வழி: துறைத்தலைவர், வரலாற்றுத் துறை.

பொருள்: பி.ஏ. வரலாற்றிலிருந்து பி.காமுக்குப் பாடப்பிரிவு மாற்றம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் இக்கல்வியாண்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் பி.ஏ. வரலாறு சேர்ந்து படித்து வருகிறேன். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ளிட்ட பாடங்களில் 400-க்கு 338 மதிப்பெண் பெற்றுள்ளேன். கலந்தாய்வில் பி.காம் கோரினேன், அப்போது என் பிரிவில் இடம் இல்லை. தற்போது பி.காமில் என் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருப்பதாக அறிகிறேன். பிளஸ் டூவில் படித்த பாடத்தையே தொடர விரும்புவதால், தரவரிசைப்படி எனக்கு அந்த இடத்தை வழங்குமாறு வேண்டுகிறேன். மாற்றம் வழங்கப்பட்டால், வரலாற்றுத் துறையில் நான் பெற்ற வருகைப்பதிவைப் புதிய துறையில் சேர்த்துக்கொள்ள ஆணையிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், சேர்க்கைக் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்கள்.

கீழே மாணவியின் கையெழுத்து, பெற்றோரின் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும், அதுவும் படிப்போடு ஒட்டியதாக இருந்தால் நல்லது. தோழி அங்கே இருக்கிறாள், இந்தப் பாடம் கடினம் என்ற காரணங்கள் உதவாது.

'வழி' என்ற வரியை விட்டுவிட்டு நேராக முதல்வரிடம் போகிறவர்கள் பலர். கடிதம் அப்படியே துறைக்குத் திரும்பி வரும், இரண்டு மூன்று நாள் வீணாகும். வரலாற்றுத் துறைத்தலைவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அவர் தயங்கினால் அதற்கும் காரணம் உண்டு. சேர்க்கைக் கெடு முடியும் தறுவாயில் ஒருவர் போனால் அந்த இடத்தில் இன்னொருவரைச் சேர்க்க முடியாது, அடுத்த மூன்று வருடமும் அது காலியாகவே கிடக்கும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே அவரிடம் போனால் இந்தத் தயக்கம் பெரும்பாலும் இருக்காது. கடிதம் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கெடுவுக்குள் கேட்டதற்கு அதுதான் சான்று.

கெடு என்பது கல்லூரி நினைத்தபடி நீட்டக்கூடியதல்ல. சேர்ந்தவர்களின் பெயர்ப்பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாடப்பிரிவின் குறியீட்டோடு பதிவெண் வந்துவிட்டால், அதன் பிறகு முதல்வர் மனது வைத்தாலும் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். அது கிடைப்பது அரிது. பட்டியல் எந்தத் தேதியில் போகிறது என்பதை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கடிதத்தில் வருகைப்பதிவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள், தேர்வெழுத 75 சதவீத வருகை என்று வைத்துக்கொண்டால் 68 நாட்கள் வர வேண்டும். நம் மாணவிக்கு 20 வேலை நாட்கள் கழிந்தபின் மாற்றம் கிடைக்கிறது. பழைய துறையின் வருகை சேர்க்கப்படாவிட்டால் மீதி இருப்பது 70 நாட்கள். பருவம் முழுவதும் இரண்டு நாள்தான் விடுப்பு எடுக்கலாம். 30 நாட்கள் கழித்து மாறினால் ஒரு நாள்கூட விடாமல் வந்தாலும் 60-தான் தேறும். அதனால் கையில் எழுத்துபூர்வமான ஆணை வரும்வரை பழைய வகுப்புக்கு ஒழுங்காகப் போய்வர வேண்டும். வாய்மொழியாக "போய் உட்கார்" என்று யாரோ சொன்னதை நம்பிப் புதிய வகுப்பில் போய் அமர்ந்தால், அங்கே வருகைப் பட்டியலில் பெயர் இருக்காது. இங்கேயோ வரவில்லை என்று பதிவாகிக்கொண்டிருக்கும்.

படிப்பில் விட்டுப்போவது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். இவை பொதுவாக எல்லாத் துறைகளுக்கும் ஒன்றே. இவற்றில் எழுதிய உள்மதிப்பீட்டுத் தேர்வு வீணாகாது. மாறுவது பகுதி மூன்றிலுள்ள முதன்மைப் பாடமும் அதோடு சேர்ந்த துணைப்பாடமும். நம் மாணவி பிடிக்க வேண்டியது நிதிக் கணக்கியலில் நடந்து முடிந்த முதல் அலகைத்தான். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்திருப்பதால் சமாளித்துவிடலாம். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன் மாறினால் அந்த மதிப்பெண்ணும் கைக்கு வரும்.

ஆணை கிடைத்ததும் புதிய துறையின் வருகைப் பட்டியலிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் பெயர் மாறிவிட்டதா, கட்டண வேறுபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். உதவித்தொகைக்கோ புதுமைப்பெண் திட்டத்துக்கோ ஏற்கனவே விண்ணப்பித்திருந்தால் அதில் பி.ஏ. என்று இருப்பதைத் திருத்தச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பதிவேட்டில் ஒரு படிப்பும் விண்ணப்பத்தில் வேறு படிப்பும் இருந்தால் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது ஏன் இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பிரிவில் இடமே காலியாகவில்லை என்றால் வேறு யாராவது விலகும்வரை, கெடு நாள்வரை, வாரம் ஒருமுறை விசாரிக்கலாம். மார்க்கில் முந்தியவர் ஒருவர் அந்த இடத்தைப் பெற்றிருந்தால் அத்துடன் விட்டுவிடலாம். பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு அந்த ஆண்டுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. வணிகவியலில் உண்மையான ஈடுபாடு இருந்தால் வேறொரு வழி உண்டு. ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. கல்லூரியில் வரலாறும் தொலைநிலையில் பி.காமும் படிக்க முடியும். தன் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் தொலைநிலைப் படிப்புக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டுமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.